ஒரே அட்டைக்குள் – 9: கசாக்கைப் பிரித்துப் படிக்கலாமா?

சென்ற வாரம் ஷெர்வுட் ஆண்டர்சனின் ‘வைன்ஸ்பர்க், ஓஹையோ’வைப் (1919) பார்த்தோம். சிறு நகரம் ஒன்று, அதன் மனிதர்களுக்குத் தனித்தனிக் கதைகள், அவற்றில் பலவற்றில் தலைகாட்டும் இளைஞன் ஒருவன். இதைக் கதைத் தொகுப்பு என்பதா, நாவல் என்பதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அதே வழக்கு வாளையாறைத் தாண்டியதும் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

1956இல் ஓ.வி. விஜயனின் தங்கைக்குப் பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் கிராமத்தில் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தது. கல்லூரி வேலை போன நிலையில் விஜயனும் அங்கே போய்த் தங்கினார். அந்த ஊரிலிருந்து பிறந்ததுதான் ‘கசாக்கின் இதிகாசம்’. எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1968 ஜனவரி 28 முதல் ஆகஸ்ட் 4 வரை மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, 1969இல் புத்தகமானது. தமிழில் யூமா வாசுகி மொழிபெயர்த்திருக்கிறார்.

புத்தகத்தைத் திறப்பவர் முதலில் ரவியைச் சந்திக்கிறார். சிற்றன்னையோடு ஏற்பட்ட உறவின் குற்ற உணர்ச்சியோடு கூமன்காவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான் அவன். இனி இவன் கதைதான் என்று நினைத்தால், ஆசிரியர் அவனை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிடுகிறார். ஆயிரத்தோரு குதிரைகளோடு வந்த ஷேக்கின் கதை, ஓத்துப்பள்ளி நடத்தும் அள்ளாப்பிச்சா மொல்லாக்காவின் கதை, தும்பி பிடித்துத் திரியும் அப்புக்கிளியின் கதை என்று வரிசையாக வருகின்றன. கதையை முன்னே இழுக்கும் கயிறு எதுவும் கண்ணில் படாது. அறுபது பக்கத்தில் புத்தகத்தை மூடுகிறவர்கள் பெரும்பாலும் ரவிக்கு அடுத்து என்ன ஆனது என்று தேடிக் களைத்தவர்கள்தான்.

அப்படியானால் பிரித்துப் படிக்கலாமா? ஒரு கதையைத் தனியே எடுத்துப் பார்ப்போம். முங்ஙாங்கோழி என்று ஊர் அழைக்கும் சுக்ரு ராவுத்தர், கிணற்றில் விழுந்த குடத்தையும் வாளியையும் மூழ்கி எடுத்துத் தருபவர். கடைசியில் ஒருநாள் கிணற்றில் மூழ்கியவர் மேலே வரவில்லை. இதை மட்டும் ஒரு வார இதழில் அச்சிட்டால் நல்ல சிறுகதை. ஓர் ஏழையின் தொழிலும் சாவும் அதில் முழுமையாக இருக்கின்றன.

ஆனால் புத்தகத்தை வரிசையாகப் படித்து வந்தவருக்கு இவர் மைமூனாவின் புருஷன். மைமூனா மொல்லாக்காவின் மகள். அவள்மேல் ஆசைப்பட்டவன் நைஜாமலி. அவனோ பிறகு ஷேக்கின் காலியாராகத் திரும்பி வந்து, மொல்லாக்காவுக்கு எதிரே நிற்கிறான். முந்தைய அத்தியாயங்களில் நடந்த ஒரு கல்யாணத்தின் பாரம் முழுவதும் அந்தக் கிணற்றில் இறங்குகிறது. அதை எதையும் அந்த அத்தியாயம் திரும்பச் சொல்வதில்லை. நாம் சுமந்து வந்தால்தான் உண்டு.

என் அளவுகோல் இதுதான். ஒரு கதையில் நடந்தது, சொல்லப்படாமலே இன்னொரு கதையில் வேலை செய்தால் அது ஒரே புத்தகம். ஊரும் பெயர்களும் மட்டும் திரும்ப வந்தால் அது தொகுப்பு. அசோகமித்திரனின் ‘ஒற்றன்!’ இந்த அளவுகோலில் நடுவே நிற்கும். அயோவாவில் கழிந்த மாதங்கள் அதைக் கட்டுகின்றன. ஆனால் அத்தியாயங்களை மாற்றி வைத்துப் படித்தாலும் பெரிய சேதம் இல்லை. கசாக்கில் அது முடியாது. ரவி ஊரில் பள்ளிக்கூடம் திறப்பதும், மொல்லாக்கா அதை எதிர்ப்பதும், பிள்ளைகள் ஒவ்வொருவராக நமக்குப் பழகுவதும் முன்னால் வந்தாக வேண்டும். பிறகு அம்மை ஊருக்குள் வரும்போது சாகிறவர்கள் நமக்குத் தெரிந்த பிள்ளைகள். அம்மை அத்தியாயத்தை முன்னே நகர்த்தினால் மிஞ்சுவது ஒரு கொள்ளைநோயின் செய்திதான்.

விதிவிலக்கும் உண்டு. ஷேக்கின் குதிரைக் கதையையும், ரவி பிள்ளைகளுக்குச் சொல்லும் இரண்டு உயிர்த்துளிகளின் கதையையும் தனியே எடுத்துப் படிக்கலாம், வகுப்பில் வாசிக்கலாம். அவை ஊரின் நினைவிலிருந்தும் கற்பனையிலிருந்தும் வருபவை. நாள்கணக்குக்கு உட்பட்டவை அல்ல. வாரந்தோறும் படித்த 1968ஆம் ஆண்டு வாசகருக்கு அவை அந்த வாரத்து விருந்தாகவே இருந்திருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: கசாக் ஒரே நாவல். ஆனால் அதன் நாயகன் ரவி அல்ல, ஊர். முதல் முறை படிக்கிறவர்கள் அத்தியாயம் தாண்டாமல், வரிசை மாற்றாமல் படியுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். இரண்டாம் முறை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அடுத்த வாரம் ஆ. மாதவனின் திருவனந்தபுரம் சாலைத் தெருவை இதே அளவுகோலில் நிறுத்துப் பார்ப்போம்.

(தொடரும்)