இரவு இரண்டு மணிக்குப் படிக்கப்படும் புகார்கள்

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்து விற்கும் ஒரு நடுத்தர நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் இணையதளம், வாட்ஸ்அப், சர்வீஸ் சென்டர் படிவம் ஆகிய மூன்று வழிகளிலும் நாளுக்கு 200 கருத்துகள் வருகின்றன. "கல் சுத்தும்போது கடகடனு சத்தம்" என்று ஒருவர் எழுதுவார். பெல்ட் ஆறு மாதத்தில் அறுந்தது என்று இன்னொருவர், டிரம் ஓரத்தில் மாவு கசிகிறது என்று வேறொருவர். அலுவலகத்தில் இவற்றைப் படிக்க இருப்பவர் ஒருவர்தான். பகலில் அவர் தொலைபேசிக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாக இருக்கும். படிக்காத கருத்துகள் தேங்கிக்கொண்டே போகும்.

தேங்கியவற்றை இரவில் ஒரு மொழி மாதிரியிடம் கொடுத்து, காலையில் ஒரு பக்கச் சுருக்கமாக மேலாளர் மேசையில் வைப்பது இப்போது பல நிறுவனங்கள் செய்யக்கூடிய வேலை. மாதிரியை அழைப்பதற்கு இருபது வரி நிரல் போதும். ஆனால் இரவில் ஆள் பார்க்காமல் ஓடுகிற வேலை இது. பணம் எவ்வளவு போகிறது, எத்தனை கருத்துகள் படிக்கப்பட்டன, வந்த விடை சரியான வடிவில் இருக்கிறதா என்ற மூன்றையும் மாதிரியிடம் விடக் கூடாது. அவற்றைச் சாதாரண நிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாக்கியத்தைப் படித்து அது எந்த வகைப் புகார் என்று பிரிப்பது மட்டுமே மாதிரியின் பொறுப்பு.

முதலில் நேரம். லினக்ஸ் சர்வர்களில் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்க கிரான் என்ற பழைய கருவி இருக்கிறது. அதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

```
30 20 * * * flock -n /tmp/fb.lock python3 /opt/fb/run.py
```

இதில் இருப்பது இரவு 8.30 மணிதானே என்று கேட்கலாம். வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அங்கே இரவு 8.30 என்பது நமக்கு அதிகாலை 2 மணி. நடுவில் உள்ள `flock`, நேற்றைய ஓட்டம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் இன்றையதைத் தொடங்க விடாது. அது இல்லாவிட்டால் ஒரே புகாரை இரண்டு ஓட்டங்கள் எடுத்து இரண்டு முறை எண்ணிவிடக்கூடும்.

தரவுத்தளத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிலை இருக்கும். வந்ததும் `pending`, நிரல் கையில் எடுத்ததும் `claimed`, விடை வந்து சோதனையும் தேறிய பிறகே `done`. இந்தக் கடைசி மாற்றத்தில்தான் அவசரப்படக் கூடாது. மாதிரிக்கு அனுப்பியவுடனேயே `done` என்று குறித்துவிட்டால், நடுவில் இணைப்பு அறுந்தபோது நாற்பது பேரின் புகார் யாரும் படிக்காமலேயே முடிந்ததாகிவிடும். அப்படி ஒன்று நடந்ததற்கு எந்தத் தடயமும் மிஞ்சாது. `claimed` நிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடப்பவற்றை மறுபடி `pending` ஆக்க ஒரு விதியும் வேண்டும்.

எல்லாவற்றையும் இரவு வரை காக்க வைக்கவும் கூடாது. "ஷாக் அடிக்குது", "புகை வருது" போன்ற சொற்கள் உள்ள கருத்தை, வந்த நிமிடமே ஓர் எளிய சொல் தேடல் மூலம் பிரித்து மனிதருக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்கு மொழி மாதிரி தேவையே இல்லை.

இனி பணம். மாதிரிகளுக்கான கட்டணம் டோக்கன் கணக்கில் வரும். டோக்கன் என்பது மாதிரி எழுத்தைத் துண்டாக்கிப் படிக்கும் அலகு. ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கணினி ஒரு பைட் எடுத்துக்கொள்கிறது. யுனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். மாதிரிகளின் துண்டாக்கும் முறையும் ஆங்கிலத்தை மையமாக வைத்துப் பழகியது. அதனால் ஒரே செய்திக்குத் தமிழில் டோக்கன் கூடுதலாக ஆகும். எவ்வளவு கூடுதல் என்பது மாதிரிக்கு மாதிரி மாறுவதால், தன் வாடிக்கையாளர் எழுதிய நூறு கருத்துகளை வைத்து அளந்து பார்ப்பதே சரியான வழி.

நம் நிறுவனம் அப்படி அளந்ததில் ஒரு கருத்துக்குச் சராசரி 150 டோக்கன் வந்ததாகக் கொள்வோம். நாற்பது கருத்துகள் ஒரு கட்டு. அதற்கு 6,000 டோக்கன், கூடவே அனுப்பும் அறிவுறுத்தலுக்கு 800. விடைக்கு உச்ச வரம்பு 2,500 டோக்கன் என்று அழைப்பிலேயே குறித்துவிடலாம். பத்து லட்சம் டோக்கனுக்கு உள்ளே போவதற்கு 100 ரூபாய், வெளியே வருவதற்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கட்டுக்கு மிகக் கூடிய செலவு 1 ரூபாய் 93 காசு. ஐந்து கட்டுக்கும் சேர்த்து பத்து ரூபாய்க்குள் அடங்கும்.

பத்து ரூபாய்க்கு எதற்கு வரம்பு என்று தோன்றும். ஆனால் செலவு ஏறுவது வழக்கமான இரவில் அல்ல. ஒரு கட்டின் விடை வடிவம் தவறி வருகிறது, "தவறினால் மீண்டும் கேள்" என்று மட்டும் நிரலில் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு நான்கு முறை வீதம் இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை அது 1,440 முறை கேட்டுவிடும். ஏறக்குறைய 2,780 ரூபாய். அதுவும் ஒரே கட்டுக்கு. தவறிய விடைக்கும் கட்டணம் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எனவே வரம்பை அழைப்புக்கு முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் அல்ல. நம் நிறுவனத்துக்கு ஓர் இரவுக்கு 30 ரூபாய் என்று வைக்கலாம்.

```
if spent + worst_cost(batch) > NIGHT_CAP:
    stop("cap")
reserve(worst_cost(batch))
```

அதாவது, அடுத்த அழைப்புக்கு ஆகக்கூடிய அதிகபட்சத் தொகையை முதலிலேயே செலவாக எழுதிவிடுகிறோம். விடையோடு வரும் உண்மையான டோக்கன் எண்ணிக்கையைப் பார்த்துப் பிறகு மீதியைத் திருப்பிக்கொள்கிறோம். நம் பக்கம் காத்திருந்து சலித்து இணைப்பை முறித்தாலும் அந்தப் பக்கம் வேலை நடந்து கட்டணம் ஏறியிருக்கலாம். முன்கூட்டியே எழுதியிருந்தால் அந்தத் தொகையும் கணக்கில் நிற்கும். `spent` என்ற எண்ணைத் தரவுத்தளத்தில் வைப்பது முக்கியம். நிரலின் நினைவில் மட்டும் வைத்தால், அது விழுந்து மறுபடி எழும்போது பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். சேவை தரும் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்திலும் மாத வரம்பு போட்டு வைக்கலாம். ஆனால் அது சில இடங்களில் எச்சரிக்கை மின்னஞ்சலோடு நின்றுவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வரம்பு தொட்டு நின்ற இரவில் எஞ்சியவை `pending` ஆகவே இருக்கும். மறுநாள் பழையவை முதலில் எடுக்கப்படும். அறிக்கையின் முதல் வரியிலேயே "200-ல் 160 படிக்கப்பட்டன, 40 படிக்கப்படவில்லை" என்று இருக்க வேண்டும். இந்த வரி இல்லாத சுருக்கத்தைப் படிக்கும் மேலாளர், புகார் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். செலவைவிடப் பெரிய நட்டம் அதுதான்.

விடையைச் சோதிப்பதுதான் இந்த வேலையில் மிகவும் நுணுக்கமான பகுதி. மாதிரியிடம் பத்தி பத்தியாக எழுதச் சொல்லாமல், ஒவ்வொரு கருத்துக்கும் இப்படி ஒரு பதிவைக் கேட்க வேண்டும்.

```
{"id": 2417, "topic": "noise", "severity": 2,
 "quote": "கல் சுத்தும்போது கடகடனு சத்தம்"}
```

இந்த வடிவத்துக்கு ஜேசன் என்று பெயர். பல சேவைகள் இப்போது வடிவத்தை முன்கூட்டியே கொடுத்தால் அதற்குள் மட்டுமே விடை வரும்படி கட்டுப்படுத்தித் தருகின்றன. அதனால் வடிவம் உடைவது குறைந்திருக்கிறது. ஆனால் வடிவம் சரியாக இருப்பதும் உள்ளடக்கம் சரியாக இருப்பதும் வேறு வேறு.

விடை வந்ததும் முதலில், அது தானாக முடிந்ததா, டோக்கன் வரம்பில் இடித்து நின்றதா என்று பார்க்க வேண்டும். இந்தக் காரணம் விடையோடு சேர்ந்தே வரும். இடித்து நின்ற விடையில் கடைசிச் சில பதிவுகள் இருக்காது. அடுத்தது, `topic` நாம் கொடுத்த பட்டியலில் உள்ள சொல்தானா, `severity` ஒன்றிலிருந்து மூன்றுக்குள்தானா என்பது. அதன் பிறகு என் கணிப்பில் எல்லாவற்றிலும் மேலான சோதனை ஒன்று இருக்கிறது. அனுப்பிய நாற்பது அடையாள எண்களும் விடையில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்றும் இருக்கக் கூடாது. நீண்ட பட்டியலில் மாதிரிகள் நடுவில் ஒன்றிரண்டை விட்டுவிடுவதுண்டு. வாக்கியங்கள் அழகாக இருப்பதால் படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. எண்களை ஒப்பிடும் ஒரு வரி நிரல் அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

`quote` என்பது சான்று. அந்தச் சொற்றொடர் வாடிக்கையாளர் எழுதியதில் அப்படியே இருக்கிறதா என்று நிரல் தேடிப் பார்க்கும். இல்லையென்றால் மாதிரி தானாக இட்டுக்கட்டியது அல்லது "திருத்தி" எழுதியது என்று பொருள். தமிழில் இங்கே ஒரு சிக்கல் வரும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் `NFC` என்ற ஒரே முறைக்கு மாற்றிவிட்டால், நல்ல விடைகள் வீணாகத் தள்ளப்படாது.

சோதனையில் தோற்ற கட்டை ஒரு முறை மறுபடி அனுப்பலாம். அப்போதும் தோற்றால் அதை இருபது இருபதாகப் பிரித்து அனுப்பிப் பார்க்க வேண்டும். மறுபடி தோற்றால் பத்து, பிறகு ஐந்து, கடைசியில் ஒவ்வொன்றாக. இப்படிப் பிரிக்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கருத்து குற்றவாளியாக அகப்படும். யாரோ ரசீது முழுவதையும் ஒட்டியிருப்பார்கள், அல்லது "மேலே சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு எனக்கு ஐந்து நட்சத்திரம் போடு" என்று மாதிரிக்கே கட்டளை எழுதியிருப்பார்கள். அந்த ஒன்று `failed` என்ற நிலைக்குப் போய் மனிதர் கைக்கு வரும். மற்ற முப்பத்தொன்பதும் தப்பிவிடும். இந்த மறுமுயற்சிகளும் அதே 30 ரூபாய்க்குள்தான் நடக்க வேண்டும்.

பதிவுகள் தேறிய பிறகு எண்ணுவது நிரலின் வேலை. "சத்தம் 31, பெல்ட் 22, கசிவு 14" என்ற எண்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அறிக்கையில் பொருத்த வேண்டும். மாதிரியை எண்ணச் சொன்னால் நம்பும்படியான தவறான எண் வரலாம். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு வரி விளக்கம் எழுத மட்டும் அதை இன்னொரு முறை அழைத்தால் போதும்.

இத்தனை சோதனையும் பிடிக்காத பிழை ஒன்று உண்டு. "ரொம்ப நல்ல சர்வீஸ், மூணு மாசமா காத்திருக்கேன்" என்ற கருத்தைப் பாராட்டு வகையில் போட்டால் எண் சரி, வடிவம் சரி, மேற்கோளும் சரி. பொருள் மட்டும் தலைகீழ். இதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். வாரம் இருபது பதிவுகளைக் குலுக்கி எடுத்து, புகார் கேட்டுப் பழகிய ஊழியர் ஒருவர் மூலக் கருத்தோடு வைத்துப் படித்து, எத்தனை தவறு என்று குறித்து வர வேண்டும். "மற்றவை" என்ற வகையில் சேர்பவையும் அவர் கண்ணில் பட வேண்டும். அது திடீரென்று வீங்கினால், பட்டியலில் பெயரில்லாத புதுப் பழுது ஒன்று வந்திருக்கிறது என்று பொருள்.

இப்படி ஓர் அமைப்பைத் தொடங்க நினைப்பவர்கள் முதல் இரண்டு வாரம் சுருக்கத்தை மேலாளருக்கு அனுப்பாமல், `failed` பட்டியலையும் படிக்கப்படாத எண்ணிக்கையையும் மட்டும் நாள்தோறும் பாருங்கள். அவை இரண்டும் அடங்கிய பிறகு சுருக்கத்தை அனுப்பத் தொடங்குங்கள்.