அங்கயற்கண்ணியை எப்படிக் கூப்பிடுவது?

மதுரை மீனாட்சிக்குரிய தமிழ்ப் பெயர்களில் ஒன்று அங்கயற்கண்ணி. பிள்ளைக்கு ஆசையாய் வைத்துவிடுகிறோம். ஆனால், அடுப்படியிலிருந்து கூப்பிட இவ்வளவு நீளம் ஆகுமா? ஒரு வாரத்தில் ‘அங்கி’ ஆக்கிவிடுகிறார்கள். அங்கி என்றால் மேலே போர்த்தும் உடுப்பு. பெயரில் இருந்த மீனும் போச்சு, கண்ணும் போச்சு!

வெட்டுவதற்கு முன் பெயரைப் பிரித்துப் பாருங்கள். அம், கயல், கண்ணி என மூன்று சொற்கள்: அழகிய கயல்மீன் போன்ற கண்ணுடையவள். கடைசிச் சொல்லான ‘கண்ணி’யை மட்டும் எடுத்தால், பறவை பிடிக்கும் சுருக்குக்கும் அதுதான் பெயர். ‘கயல்’ எடுத்தால் கண் விடுபடும், ஆனால் பொருள் திரியாது. என் ஓட்டு கயலுக்கே. சேரும்போது ‘ற்’ ஆன எழுத்தைப் பழையபடி ‘ல்’ ஆக்க மட்டும் மறக்கக் கூடாது. பாட்டி ‘கயலு’ என்று இழுத்தாலும் கெடுதல் இல்லை.

அன்பழகனில் சிக்கல் வேறு. அன்பு, அழகன் இரண்டும் ‘ப’ என்ற ஒரே எழுத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; ‘ப்’ முன்சொல்லுடையது, ‘அ’ பின்சொல்லுடையது. எழுத்தைப் பார்த்து வெட்டினால் ‘பழகன்’ வரும், அதற்குப் பொருளே இல்லை. ‘அன்பு’ என்றோ ‘அழகன்’ என்றோ கூப்பிடலாம்.

பூங்குழலிக்குக் குழலி, மங்கையர்க்கரசிக்கு அரசி, செந்தாமரைக்குத் தாமரை. இவற்றில் கடைசிச் சொல்லே போதும்.

பெயர்சூட்டும் நாளிலேயே கூப்பிடும் பெயரையும் முடிவுசெய்துவிடுங்கள். தெரு ஒன்றை வைத்துவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.