உங்களுக்குத் தெரியுமா? ஒரு மீட்டர் நகர எலக்ட்ரானுக்கு மூன்றே முக்கால் மணி நேரம்!

1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது, எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஆனாலும் ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. மின்புலம் மிக வேகமாகப் பரவி, கம்பியெங்கும் உள்ள எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நகர வைப்பதே காரணம்.

இந்தக் கம்பியை அச்சுத்துளை வழியே இழுத்து இரு மடங்கு நீளமாக்கினால் கன அளவு மாறாது, குறுக்குப்பரப்பு பாதியாகும். எனவே மின்தடை 4 மடங்காகும். பொருள் அதே செம்பு என்பதால் மின்தடை எண் ஏறக்குறைய மாறாது. அதே மின்னழுத்தத்தில் இப்போது மின்னோட்டம் கால் பங்கு, இழுப்புத் திசைவேகம் பாதி.

சூடாக்கும்போது நடப்பது வேறு. நீளமும் பரப்பும் மிகச் சிறிதளவே மாறுகின்றன; ஆனால் அயனிகள் கூடுதலாக அதிர்வதால் எலக்ட்ரான்கள் அடிக்கடி மோதுகின்றன. இங்கே மின்தடை எண்ணே உயர்கிறது. செம்புக் கம்பி 20 டிகிரி செல்சியஸிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் அதன் மின்தடை சுமார் 20% கூடும். ஆறவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். இழுத்து நீட்டிய கம்பியின் மின்தடையோ அப்படித் திரும்பாது.