தாடை ஏறினால்தான் வாய் மூடும்

வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகிவிடுகிறார். பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் படம் வேண்டும். தேடினால் முகம் தெளிவாகத் தெரிவது ஒரே ஒரு கல்யாணப் படத்தில்தான். அதிலும் அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், வாய் திறந்திருக்கிறது. “வாயை மட்டும் மூடிக் கொடுத்துடுங்க தம்பி” என்று ஸ்டூடியோவில் கேட்பார்கள். கேட்பதற்குச் சின்ன வேலை. செய்யப் போனால் மூக்குக்குக் கீழே இருக்கும் முகம் முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

மேல்தாடை மண்டையோட்டோடு இணைந்தது, அசையாது. கீழ்த்தாடை மட்டும் காதுக்கு முன்னால் உள்ள மூட்டிலிருந்து இறங்குகிறது. அதோடு கீழுதடு, மோவாய், கழுத்தில் விழும் மோவாயின் நிழல் எல்லாமே இறங்குகின்றன. கன்னம் இழுபட்டு, முகமே சற்று நீண்டுவிடுகிறது. இதை மறந்து, தெரியும் பற்களின் மேல் உதட்டு நிறத்தைப் பூசி மூடினால் உதடு தடித்துப்போகும். முகமோ நீண்டபடியே நிற்கும். “எங்க அப்பா மாதிரியே இல்லையே” என்று வீட்டார் சொல்வார்கள். என்ன தவறு என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. தவறு உதட்டில் இல்லை, ஏறாத தாடையில் இருக்கிறது.

நேராகப் பார்க்கும் ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். இரு உதடுகளுக்கும் நடுவே 40 பிக்சல் இடைவெளி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் கீழுதட்டின் மேல்விளிம்பில் தொடங்கி, மோவாயையும் தாடை ஓரத்தையும் சேர்த்து லாஸோ கருவியால் வளைத்து, Ctrl+J அழுத்தினால் அந்தப் பகுதி தனி லேயராக வரும். Ctrl+T கொடுத்து அதை 44 பிக்சல் மேலே ஏற்ற வேண்டும். மேலுதட்டையும் இப்படியே தனி லேயராக எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தால், கூடுதலான அந்த 4 பிக்சல் அதற்கு அடியில் போய் உதடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். தாடை ஓரம் கன்னத்தோடு சேரும் இடத்தில் லேயர் மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் கலக்க வேண்டும். நரைத்த தாடி முடி இருந்தால் அதுவும் கூடவே ஏறிவிடுவதால், புதிதாக வரைய வேண்டியதில்லை.

அடுத்து உதடுகள் சந்திக்கும் கோடு. இதைக் கறுப்பில் ஒரே தடிமனாக இழுத்தால் தையல் போட்டதுபோல் ஆகிவிடும். அது செம்பழுப்பு நிறம். வாயின் இரு ஓரங்களிலும் அடர்ந்து, இடையில் சில இடங்களில் மங்கிப்போகும். வெளிச்சம் மேலிருந்து வந்தால் மேலுதடு கறுத்தும், கீழுதடு ஒளி வாங்கியும் இருக்கும். கீழுதட்டுக்கு அடியில் உள்ள குழிவில் மெல்லிய நிழல் ஒன்று தங்கும். அது இல்லாவிட்டால் மோவாய் தட்டையாகத் தெரியும்.

பலரும் கோட்டைவிடுவது கழுத்து நிழலில்தான். மோவாய் ஏறிய பிறகும் பழைய நிழல் பழைய இடத்திலேயே கிடக்கும். வெட்டி எடுத்த மோவாயின் அடிப்பகுதியும் பின்னால் எட்டிப் பார்க்கும். முதலில் இரண்டையும் கழுத்துத் தோலால் குளோன் ஸ்டாம்ப் கொண்டு மூடிவிட வேண்டும். பிறகு Multiply முறையில் ஒரு புதிய லேயர் திறந்து, புதிய மோவாய்க்குக் கீழே நிழலைக் கட்ட வேண்டும். நிறத்தை அதே படத்தின் நிழலிலிருந்தே எடுக்க வேண்டும். கறுப்பைத் தொட்டால் கழுத்தில் கரி பூசியதுபோல் ஆகும். நிழல் மோவாயை ஒட்டிய இடத்தில் அடர்த்தியாகவும் கீழே போகப்போக மங்கலாகவும் இருக்க வேண்டும்.

சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் கோணிய வாய் உடனே கண்ணில் படும். பெரிதாக்கிப் பார்த்தால், கைபட்ட இடம் மட்டும் மெழுகுபோல் வழவழப்பாக இருப்பது தெரியும்; மற்ற இடங்களில் உள்ள பொடிப்புள்ளிகளை அங்கேயும் சேர்க்க வேண்டும்.

எல்லா வாயையும் மூடிவிட முடியாது. வாய்விட்டுச் சிரிக்கும்போது கன்னம் மேலேறி, கண்ணும் இடுங்கியிருக்கும். வாயை மட்டும் மூடினால் கண் சிரித்துக்கொண்டிருக்க உதடு இறுகி நிற்கும். அந்தப் படத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியை விட்டுவிட்டு, எடுத்தவரிடமிருந்து மூலப் படத்தை வாங்கிக் கொடுங்கள். அவர் வாயை மூடியிருக்கும் வேறொரு படமும் சேர்த்துக் கொடுங்கள். அது ரேஷன் கார்டில் இருக்கும் சின்னப் படமாக இருந்தாலும் போதும். அவருடைய உதடு எவ்வளவு மெலிந்தது, மூக்கிலிருந்து மோவாய் எவ்வளவு தூரம் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.