நள்ளிரவில் இழுக்கும் கெண்டைக்கால்

நள்ளிரவு தாண்டி இரண்டு மூன்று மணிக்குக் கெண்டைக்கால் சதை திடீரென்று கல்லைப்போல இறுகி, உறங்குபவரை அலறி எழவைப்பது நடுவயதில் தலைகாட்டும் தொல்லை. பேச்சுவழக்கில் இதை 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்றும் 'சதை பிடித்துக்கொண்டது' என்றும் சொல்வார்கள். குரக்குவலி என்பது இதற்கான பழைய சொல். பிடிப்பு சில நொடிகளில் விட்டுவிடலாம். பத்து நிமிடம் வரை நீடிப்பதும் உண்டு. தொட்டுப் பார்த்தால் சதை உருண்டு முடிச்சுப் போட்டதுபோல இருக்கும், பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பிடிப்பு விட்ட பிறகும் அடிபட்டது போன்ற வலி மறுநாள்வரை அந்த இடத்தில் தங்கும். ஐம்பது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்த அனுபவம் உண்டு.

'நரம்பு இழுத்தது' என்ற பேச்சுவழக்கில் பாதி உண்மை இருக்கிறது. இறுகுவது சதைதான், ஆனால் அதை இறுக்குவது நரம்பு. விழித்திருக்கும்போது மூளையின் கட்டளைப்படி தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பிழைகள் சதையைச் சுருக்குகின்றன. குரக்குவலியின்போது, கேட்பாரில்லாமல் அந்த நரம்பிழைகள் தாமாகவே மிக வேகமாகத் துடிக்கத் தொடங்கிவிடுகின்றன. சதைக்கு அது நியாயமான கட்டளையா, வெறும் பிதற்றலா என்று தெரியாது. முழு வலுவோடு சுருங்குகிறது. வயதாக ஆக நரம்பணுக்கள் சில அழிய, எஞ்சியவை அவற்றின் சதையிழைகளையும் சேர்த்துக் கவனிக்கின்றன. ஒரு நரம்பணு தவறாகத் துடித்தால் இறுகும் சதையின் அளவும் அதனால் கூடுகிறது.

ஏன் கெண்டைக்கால், ஏன் இரவு என்ற கேள்விக்குப் படுக்கும் விதத்திலேயே ஒரு பதில் கிடைக்கிறது. மல்லாந்து படுத்தால் பாதம் தளர்ந்து முன்னோக்கிச் சாய்கிறது. கால்மேல் கனமான போர்வை கிடந்தால் இன்னும் சாய்கிறது. குப்புறப் படுத்தால் சொல்லவே வேண்டாம், நடனக்காரர் நுனிவிரலில் நிற்பதுபோல் பாதம் நீண்டுவிடும். இந்த நிலைகளிலெல்லாம் கெண்டைச்சதை ஏற்கெனவே தன் குறைந்த நீளத்துக்குச் சுருங்கிக் கிடக்கிறது. நீண்டிருக்கும் சதை சுருங்கினால் அதன் தசைநாண் இழுபடும். அந்த இழுவையை உணரும் நுண்ணுறுப்புகள் 'போதும்' என்று தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பி நரம்பின் துடிப்பை அடக்கும். சுருங்கிக் கிடக்கும் சதையில் இந்தக் கடிவாளம் தொய்ந்துபோகிறது. அரைத்தூக்கத்தில் காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும்போது பலருக்குப் பிடித்துக்கொள்வது இதனால்தான்: விரல்களைக் கீழ்நோக்கி நீட்டுவது, ஏற்கெனவே சுருங்கிய சதையை மேலும் சுருக்குவதாகும்.

குந்தி உட்காரும் பழக்கம் குறைந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து மருத்துவ இதழ்களில் உண்டு. குதிகால் தரையில் பதியக் குந்தினால் கெண்டைச்சதை முழு நீளத்துக்கு இழுபடும். நாற்காலியும் மேற்கத்திய கழிப்பறையும் வந்த வீடுகளில் அந்த இழுப்பு நாளில் ஒருமுறைகூட நடப்பதில்லை. நிரூபிக்கப்பட்ட முடிவல்ல இது. ஆனாலும் தீர்வு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சரியாகவே காட்டுகிறது.

பெரும்பாலானோருக்கு இந்தப் பிடிப்புக்குத் தனி நோய் எதுவும் காரணமாக இருப்பதில்லை. சிறுசிறு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஜவுளிக்கடையில் விற்பனைப் பணி செய்யும் 54 வயதுப் பெண்ணை வைத்துக்கொள்வோம். மூன்று மாதங்களாக வாரத்தில் நான்கு இரவு வலது கெண்டைக்கால் பிடிக்கிறது. தினமும் ஒன்பது பத்து மணி நேரம் நிற்கிறார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் வந்திருந்தாலும், வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது உட்காரக் கூச்சம். கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கத் தண்ணீரும் குறைவாகக் குடிக்கிறார். இவையெல்லாம் பல ஆண்டுகளாக இருப்பவை. மூன்று மாதங்களுக்கு முன் புதிதாக வந்தது என்ன என்று கேட்டால், ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியது நினைவுக்கு வருகிறது. புதிய மாத்திரையில் சிறுநீரை அதிகமாக்கும் மருந்தும் கலந்திருக்கிறது.

இந்தக் கேள்வியை, அதாவது 'தொல்லை தொடங்கிய சமயத்தில் எந்த மருந்து புதிதாக வந்தது' என்பதை, யாரும் தாமே கேட்டுக்கொள்ளலாம். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்ற, சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் குரக்குவலியோடு தொடர்புடையவை. இவை பெரும்பாலும் வேறொரு ரத்த அழுத்த மருந்தோடு ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதால், சாப்பிடுபவருக்கே அது தெரிவதில்லை. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படித்தால் தெரியும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் நீண்டநேர மருந்துகள் சிலவற்றுக்கும் இதே பழி உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின்மீது இதைவிடக் குறைவான சந்தேகம் இருக்கிறது. எதையும் தாமாக நிறுத்தக்கூடாது. ரத்த அழுத்தம் எகிறினால் வரும் கேடு கெண்டைக்கால் வலியைவிடப் பெரிது. மாத்திரைக்கும் பிடிப்புக்கும் இடையிலான தேதிக் கணக்கைக் குறித்துக்கொண்டு போனால், மருத்துவர் மாற்று மருந்து யோசிப்பது எளிது. அந்தப் பெண்ணுக்கு ரத்தத்தில் பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு ஆகியவற்றை ஒருமுறை பார்ப்பதும் பொருத்தம். சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சதை பிடிக்கும்.

பிடித்துவிட்ட நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: சுருங்கிய சதையை நீட்டுவது. முட்டியை நேராக்கிக்கொண்டு பாதத்தின் விரல்களை முழங்காலை நோக்கி இழுக்க வேண்டும். கை எட்டாவிட்டால் துண்டையோ துப்பட்டாவையோ பாதத்தின் முன்பகுதியில் மாட்டி இரண்டு கையாலும் மெல்ல இழுக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியக்கூடும். பலர் செய்யும் தவறு, முட்டியை மடக்கிக்கொண்டு பாதத்தை இழுப்பது. கெண்டைச்சதையின் மேலடுக்கு முழங்காலுக்கு மேலே தொடை எலும்பிலிருந்தே தொடங்குகிறது. முட்டி மடங்கினால் அது தளர்ந்துவிடும், எவ்வளவு இழுத்தாலும் நீளாது. எழ முடிந்தவர்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்பது இன்னும் எளிது. பிடிப்பு விட்ட பிறகு நாலு அடி நடந்து, மிச்ச வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாம்.

வராமல் தடுக்கும் முயற்சியிலும் அதே நீட்டல்தான், படுக்கப் போகும் முன். சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால்கள் தரையை விட்டு எழாமல் உடலைச் சுவர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். கெண்டைச்சதை இழுபடுவது தெரியும், ஆனால் வலிக்கக்கூடாது. பத்து நொடி நின்று தளர்த்தி, இப்படி மூன்று முறை. பிறகு முட்டியைச் சற்று மடக்கி இன்னொரு மூன்று முறை செய்தால் உள்ளடுக்குச் சதையும் நீளும். மொத்தம் மூன்று நிமிடம் ஆகாது. நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், கெண்டைச்சதையையும் தொடையின் பின்சதையையும் படுக்குமுன் நீட்டியவர்களுக்கு ஆறு வாரத்தில் பிடிப்புகள் தெளிவாகக் குறைந்தன. பயன் காணாத ஆய்வும் இருக்கிறது. ஆனால் செலவில்லாத, கேடில்லாத ஒன்றை ஆறு வாரம் செய்து பார்ப்பதில் இழப்பு எதுவுமில்லை. இரண்டு நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்று விடுவதுதான் வழக்கமாக நடப்பது.

படுக்கையிலும் சிறு மாற்றம் உதவும். மல்லாந்து படுப்பவர் பாதங்களுக்கு எதிரே ஒரு தலையணையை நிறுத்திவைத்தால் பாதம் நீளாமல் நிற்கும். குப்புறப் படுப்பவர் கணுக்கால்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிடலாம். போர்வையின் கால்பக்கத்தைப் படுக்கைக்கு அடியில் இறுக்கிச் செருகக்கூடாது.

உப்புச்சத்துக் குறைவுதான் காரணம் என்ற நம்பிக்கை வாழைப்பழத்திலிருந்து மெக்னீசிய மாத்திரைவரை விற்கிறது. வெயிலில் நாள் முழுக்க வியர்த்து உழைப்பவருக்கும், வயிற்றுப்போக்கு கண்டவருக்கும் அது பொருந்தலாம். ஆனால் இரவில் கால் பிடிக்கும் பெரும்பாலானோரின் ரத்தத்தில் இந்த உப்புகள் சரியான அளவிலேயே இருக்கின்றன. இஸ்ரேலில் 94 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில் பாதிப் பேருக்கு மெக்னீசியமும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் தந்தார்கள். இரண்டு அணியிலும் பிடிப்பு குறைந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு. நாளாவட்டத்தில் தானாகக் குறையும் இயல்பு இந்தத் தொல்லைக்கு உண்டு. அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

நிஜமாகவே ஓரளவு கேட்கும் மருந்து ஒன்று உண்டு, குவினைன். நீலகிரியின் நடுவட்டத்தில் ஆங்கிலேயர் சிங்கோனா மரம் வளர்த்து மலேரியாவுக்காக எடுத்த அதே கசப்பு மருந்துதான். 1940-களிலிருந்து இரவுப் பிடிப்புக்கும் அது கொடுக்கப்பட்டது. ஆனால் சிலருக்கு அது ரத்தத்தட்டுகளை ஆபத்தான அளவுக்குக் குறைத்தது, சிலருக்கு இதயத் துடிப்பைக் குலைத்தது. கால் வலிக்காக அதை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994-இல் நிறுத்தியது. 2006-இல் மீண்டும் எச்சரித்தது. இன்று பழைய நண்பர் சொன்னார் என்று அதைத் தேடிப் போவது சரியல்ல.

எல்லாக் கால்வலியும் குரக்குவலி அல்ல. சதை உருண்டு இறுகாமல், படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற குறுகுறுப்பு மட்டும் இருந்தால் அது வேறு கோளாறு. இரும்புச்சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு உண்டு. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் அடங்கினால், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கலாம். புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைத் தள்ளிப்போடக்கூடாது. பிடிப்போடு கால் மெலிவதோ, வலு குறைவதோ, பகலிலும் கைகளிலும் பிடிப்பதோ இருந்தால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சதையை நீட்டிய பிறகும் வலி மணிக்கணக்கில் விடாமல் இருந்தால், அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, படுக்கையில் கிடந்த நாட்கள் ஆகியவற்றுக்குப் பின் இப்படி வந்தால் காலைப் பிடித்துவிடாமல், தைலம் தேய்க்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.