எண்களைச் சலிக்கும் சல்லடை

உளுத்தம்பருப்பைச் சல்லடையில் இட்டு ஆட்டினால் தூசியும் குருணையும் கீழே விழும். முழுப் பருப்பு மேலே தங்கும். எண்களையும் அப்படிச் சலிக்கலாம் என்று இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் ஒருவர் கண்டார். அவர் பெயர் எரட்டோஸ்தனீஸ். கி.மு. 276ஆம் ஆண்டையொட்டி, வட ஆப்பிரிக்காவிலிருந்த சைரீன் என்னும் கிரேக்க நகரில் பிறந்தவர். எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்துப் புகழ்பெற்ற நூலகத்திற்குத் தலைவராக இருந்தவர். நிழலின் அளவைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவரும் இவரே. சல்லடையைப் பற்றி இவர் கைப்பட எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. சுமார் கி.பி. 100இல் வாழ்ந்த நிக்கோமாக்கஸ் என்பவர் தம் எண்கணித நூலில் இம்முறையை எரட்டோஸ்தனீஸின் சல்லடை என்று விளக்கி வைத்ததால் நாம் அதை அறிகிறோம்.

இந்தச் சல்லடையில் மேலே தங்குபவை பகா எண்கள். ஓர் எண்ணை 1ஆலும் அதே எண்ணாலும் மட்டுமே மீதியின்றி வகுக்க முடியுமானால் அது பகா எண். 7ஐ 1ஆலும் 7ஆலும்தான் வகுக்கலாம். ஆகவே 7 பகா எண். 12ஐ 2, 3, 4, 6 ஆகியவற்றாலும் வகுக்கலாம். ஆகவே 12 பகு எண். இவ்வளவு தெரிந்தால் போதும். ஆறாம் வகுப்புத் தங்கையரும் இனி நம்முடன் சேர்ந்து சலிக்கலாம்.

ஒரு தாளில் கட்டம் போட்டு, வரிசைக்குப் பத்தாக, பத்து வரிசைகளில் 1 முதல் 100 வரை எழுதிக்கொள்வோம். வரிசைக்குப் பத்து என்பது முக்கியம். அதன் பயன் பின்னால் தெரியும். முதலில் 1ஐ அடித்துவிடுவோம். 1ஐ 1ஆல் மட்டும்தானே வகுக்கலாம், அதை ஏன் நீக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். நம் சல்லடையில் ஒரு பகா எண் கிடைத்தவுடன் அதன் மடங்குகளை எல்லாம் அடிக்கப் போகிறோம். 1ஐப் பகா எண்ணாகக் கொண்டால் அதன் மடங்குகளையும் அடிக்க வேண்டும். எல்லா எண்களுமே 1இன் மடங்குகள் அல்லவா? முதல் சலிப்பிலேயே கட்டம் முழுவதும் காலியாகிவிடும். ஆகவே 1 பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று, அது தனி. மீதம் 99 எண்கள்.

இப்போது மிச்சமுள்ளவற்றில் மிகச் சிறியது 2. அதைச் சுற்றி வட்டம் போடுவோம். பிறகு 4, 6, 8 என்று இரண்டிரண்டாகத் தாண்டி 100 வரை அடிப்போம். வட்டம் போட்ட 2ஐ அடிக்கக் கூடாது. இந்தச் சலிப்பில் 49 எண்கள் விழுகின்றன. 50 எண்கள் நிற்கின்றன. கட்டத்தைப் பார்த்தால் ஐந்து பத்திகள் மேலிருந்து கீழ்வரை முழுவதும் அடிபட்டிருக்கும்; முதல் வரிசையில் உள்ள 2 மட்டும் தப்பி நிற்கும்.

அடுத்து அடிபடாமல் நிற்கும் எண் 3. அதற்கு வட்டமிட்டு, 6, 9, 12 என்று மும்மூன்றாகத் தாண்டி 99 வரை அடிப்போம். இவற்றுள் பாதி ஏற்கெனவே 2இன் மடங்குகளாக அடிபட்டவை. புதிதாக விழுபவை 9, 15, 21 எனத் தொடங்கி 99 வரை 16 எண்கள். இப்போது நிற்பவை 34.

அடுத்த எண் 4. அது ஏற்கெனவே அடிபட்டுவிட்டது. அதன் மடங்குகள் எல்லாம் 2இன் மடங்குகளும் ஆதலால் அவையும் அடிபட்டுவிட்டன. எனவே 4ஐத் தாண்டி 5க்குப் போகிறோம். 5க்கு வட்டமிட்டு அதன் மடங்குகளை அடிக்கும்போது புதிதாக விழுபவை 25, 35, 55, 65, 85, 95 என்னும் ஆறு எண்களே. மிச்சம் 28. அதன்பின் 6ஐயும் அதே காரணத்தால் தாண்டி, 7க்கு வட்டமிடுகிறோம்.

7இன் மடங்குகளைச் சற்று நின்று பார்ப்போம். 14 என்பது 7×2. அது 2இன் சலிப்பிலேயே விழுந்தது. 21 என்பது 7×3. அது 3இன் சலிப்பில் விழுந்தது. 28ஐயும் 42ஐயும் 2 வீழ்த்தியது. 35ஐ 5 வீழ்த்தியது. 7க்கென்று முதன்முதலாகக் கிடைப்பது 7×7, அதாவது 49. எனவே எந்தப் பகா எண்ணுக்கும் அதன் வர்க்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கினால் போதும். அதற்குக் கீழே உள்ள மடங்குகளைச் சிறிய பகா எண்கள் முன்பே அடித்திருக்கும். 49 முதல் 56, 63, 70, 77, 84, 91, 98 என்று போகும்போது புதிதாக அடிபடுபவை 49, 77, 91 என்னும் மூன்று மட்டுமே. 28இல் மூன்று போக மிச்சம் 25.

இங்கே சலிப்பு முடிந்துவிட்டது! அடுத்து நிற்கும் 11ஐயும், 13ஐயும், 17ஐயும் ஏன் விட்டுவிடுகிறோம்? இதுதான் சல்லடையின் உயிர்நாடி. இதைப் புரிந்துகொள்ள 36ஐ இரண்டிரண்டு எண்களின் பெருக்கமாக எழுதிப் பார்ப்போம்: 2×18, 3×12, 4×9, 6×6. இடப்பக்கம் உள்ள எண் ஏற ஏற, வலப்பக்கம் உள்ள எண் இறங்குகிறது. இரண்டும் 6இல் சந்திக்கின்றன. 6ஐத் தாண்டினால் 9×4, 12×3 என்று பழைய சோடிகளே தலைகீழாக வரும். அதுபோல 100க்குள் உள்ள எந்தப் பகு எண்ணையும் இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதினால், இரண்டுமே 10ஐவிடப் பெரியவையாக இருக்க முடியாது. இரண்டும் பெரியவை என்றால் மிகக் குறைந்தது 11×11 ஆக வேண்டும். அது 121 ஆகி நம் கட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். ஆகவே ஒன்றாவது 10 அல்லது அதற்குக் குறைவாக இருக்கும். 10க்குள் உள்ள பகா எண்கள் 2, 3, 5, 7 ஆகிய நான்கே. இந்த நான்கில் ஒன்றின் கையில் அந்தப் பகு எண் அகப்பட்டே தீரும்.

97ஐ எடுத்துக்கொள்வோம். அதை 2 முதல் 96 வரை ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமென்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். நான்கு சலிப்பிலும் அது விழவில்லை. எனவே அது பகா எண்தான், ஐயமில்லை. 91ஐப் பார்த்தாலும் பகா எண் போலவே தோன்றும். அது இரட்டை எண் அன்று. இலக்கங்களைக் கூட்டினால் 10, ஆதலால் 3ஆல் வகுபடாது. 5இலோ 0விலோ முடியவுமில்லை. ஆனால் 7இன் சலிப்பில் விழுந்துவிடுகிறது, ஏனெனில் 91 என்பது 7×13. நம் பெருக்கல் வாய்ப்பாடு 7×12 என்பதோடு நின்றுவிட்டால் 91 கண்ணில் படுவதே இல்லை. தேர்வில் பலர் 91ஐப் பகா எண் என்று எழுதிவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தோற்றத்தைப் பார்த்து ஊகிப்பதற்கும் சலித்து அறிவதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஓர் எண்ணிலேயே தெரிகிறது.

சலிக்கும்போது தவறு நேருவது பெரும்பாலும் தாண்டி எண்ணுவதில்தான். ஓரிடத்தில் ஒரு கட்டம் பிசகினால் அதன்பின் உள்ளவை எல்லாம் பிசகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 2இன் சலிப்பும் 5இன் சலிப்பும் 100இல் முடிய வேண்டும். 3இன் சலிப்பு 99இல் முடிய வேண்டும். 7இன் சலிப்பு 98இல் முடிய வேண்டும். வேறு எண்ணில் முடிந்தால் நடுவில் எங்கோ கால் இடறியிருக்கிறது என்று பொருள்.

வரிசைக்குப் பத்தாக எழுதியதும் இங்கே உதவுகிறது. 3இன் மடங்குகள் கோலத்தில் புள்ளிகளை இணைப்பதுபோல் சாய்கோடுகளில் அமைகின்றன. ஒன்றிலிருந்து ஒரு வரிசை கீழே, ஒரு கட்டம் இடப்பக்கம் போனால் அடுத்தது கிடைக்கும்: 6, 15, 24, 33, 42, 51. பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றும் 51, 57, 87 ஆகியவை இச்சாய்கோடுகளின்மேல்தான் இருக்கின்றன. 7இன் மடங்குகளுக்கு ஒரு வரிசை கீழே, மூன்று கட்டம் இடப்பக்கம் போக வேண்டும்: 7, 14, 21. கோலம் எங்காவது உடைந்திருந்தால் அந்த இடத்தில் தவறு இருக்கிறது.

முடிவில் வரிசை வரிசையாக நம் சல்லடையில் தங்கியவை இவை:

2, 3, 5, 7
11, 13, 17, 19
23, 29
31, 37
41, 43, 47
53, 59
61, 67
71, 73, 79
83, 89
97

மொத்தம் 25. இவற்றில் இரட்டை எண் 2 ஒன்றே. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் மறுபடி கோலத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த நான்கு பகா எண்களின் சலிப்பு 100ஐத் தாண்டியும் சிறிது தூரம் செல்லும். கட்டத்தை 120 வரை நீட்டினாலும் 2, 3, 5, 7 போதும். 121இல்தான் சல்லடையின் ஓட்டை தெரியும். 11×11 ஆகிய அந்த எண் நான்கு சலிப்பிலும் விழாமல் பகா எண்ணைப் போல் நின்றுவிடும். 200 வரை சலிக்க வேண்டுமானால் 11ஐயும் 13ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை இரண்டும் புதிதாக வீழ்த்துபவை 121, 143, 169, 187 என்னும் நான்கே எண்கள். ஆனால் அந்த நான்கை விட்டுவிட்டால் 46 என்று வர வேண்டிய விடை 50 ஆகிவிடும்.

1000 வரை சலிக்க எத்தனை பகா எண்கள் வேண்டும்? 31×31 என்பது 961. அடுத்த பகா எண்ணாகிய 37இன் வர்க்கம் 1369. அது 1000ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 2 முதல் 31 வரை உள்ள பதினொரு பகா எண்கள் போதும். பொறுமையுடன் சலிப்பவருக்கு இறுதியில் தங்குபவை 168. விடுமுறையில் பெரிய தாளும் இரண்டு வண்ணப் பென்சில்களும் கிடைத்தால், தங்கையரே, எண்ணிப் பாருங்கள். 168 வருகிறதா என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.