இருபத்தொன்பது ரூபாய் குறைந்த நாள்

மாதம் எட்டாயிரம் ரூபாய் வாடகை. ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் கணக்குக்குத் தானாகப் போய்ச் சேரும்படி யூபிஐ ஆப்பில் ஒருவர் போட்டு வைத்திருக்கிறார். நான்காம் தேதி இரவு கணக்கில் 8,120 ரூபாய் இருந்தது. போதும் என்று படுத்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் வாடகை போகவில்லை, "Failed" என்று இருக்கிறது.

நடந்தது இதுதான். அதே தேதியில் சினிமா ஆப் சந்தாவுக்கும் ஆட்டோபே போட்டிருந்தார். அந்த 149 ரூபாய் முதலில் கழிந்தது. மீதம் 7,971. வாடகைக்கு 29 ரூபாய் குறைந்தது. இருப்பதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிறகு வாங்கும் பழக்கம் வங்கிக்கு இல்லை. முழுத் தொகையும் இருந்தால்தான் போகும்.

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். தேதி குறித்து பின் நம்பர் போட்டவுடன் பணம் தனியாக ஒதுக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுகிறோம். மாதாமாதம் போகும் ஆட்டோபேயில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நாம் கொடுப்பது, குறித்த நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ தொகை கணக்கில் முடக்கப்படும். முந்தைய நாள் வரும் "நாளை பணம் எடுக்கப்படும்" என்ற குறுஞ்செய்தியும் நினைவூட்டல்தான். இருப்பு போதுமா என்று அது பார்ப்பதில்லை.

ஒருமுறை தோற்றதும் கதை முடிந்துவிடாது. 2025 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, முதல் முயற்சிக்குப் பிறகு மூன்று முறை வரை திரும்ப முயலலாம். அதுவும் நெரிசல் இல்லாத வேளையில்தான்: காலை 10 மணிக்கு முன், பகல் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். அதற்குள் கணக்கில் நூறு ரூபாய் போட்டுவிட்டால், அடுத்த முயற்சியில் வாடகை போய்ச் சேர வாய்ப்புண்டு.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பதறிப்போய் வீட்டுக்காரருக்கு நாமே எட்டாயிரம் அனுப்பிவிடுகிறோம். மாலையில் சம்பளம் ஏறுகிறது. இரவு பத்து மணிக்கு ஆட்டோபே மறுபடி முயன்று இன்னொரு எட்டாயிரத்தை எடுத்துவிடுகிறது. ஒருமுறை தோற்றதால் நாம் கொடுத்த அனுமதி ரத்தாகிவிடுவதில்லை. ஆகவே கையால் அனுப்புவதற்கு முன் ஆப்பின் ஆட்டோபே பகுதிக்குப் போய், அந்த அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவிட வேண்டும். அடுத்த தவணைக்கு முன் மறக்காமல் திரும்ப இயக்க வேண்டும்.

கடன் தவணை என்றால் செலவு வேறு. பணம் குறைந்து திரும்பினால், கடன் கொடுத்தவர் தாமதக் கட்டணம் போடலாம். வங்கியும் தன் பங்குக்குக் கழிக்கலாம்.

அவருடைய சிக்கலுக்குத் தீர்வு எளிது. சந்தா தேதியைப் பத்துக்குத் தள்ளிவைத்தால், ஐந்தாம் தேதி கணக்கில் இருப்பது வாடகைக்கே மிஞ்சும்.